வாங்க மறுத்த வாடகை எங்கே போகிறது?

வாடகை கட்ட முடியாமல் திண்டாடுபவரின் நிலைமை எல்லோருக்கும் புரியும். கையில் பணத்தோடு போய் நிற்கிறார், வீட்டுக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார் என்றால் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். வராத பணத்துக்குச் சண்டை போடுவார்கள், வருகிற பணத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இதைவிடக் கலக்கம் தரும் சொல் குறைவு. வாடகை வேண்டாம் என்றால் நீயே வேண்டாம் என்று பொருள்.

வீட்டுக்காரர் ஏன் மறுக்கிறார் என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: குறித்த நாளிலிருந்து 7 நாளோ 14 நாளோ வாடகை வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்து இடத்தை மீட்டுக்கொள்ளலாம். வாடகையை வாங்காமலே இருந்துவிட்டால் இரண்டு வாரத்தில் ‘பாக்கி’ என்ற ஒன்று பிறந்துவிடும் என்பது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு இதைவிட நுட்பமானது. குடியிருப்பவர் ஒப்பந்தத்தை மீறியது தெரிந்த பிறகும் அதற்கடுத்த மாத வாடகையை வாங்கிக்கொண்டால், அந்த மீறலை வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக்கூடும். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகை என்று சொல்லி வாங்கினாலும் புதிய குத்தகை பிறந்துவிட்டது என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும். அதனால்தான் வீட்டுக்காரரின் வழக்கறிஞர் முதலில் சொல்லும் அறிவுரையே ‘இனிமேல் காசை வாங்காதீர்கள்’ என்பதாக இருக்கும். நேற்றுவரை சிரித்துப் பேசியவர் இன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அந்த அறிவுரைக்குப் பிறகுதான்.

ஜார்ஜ்டவுனில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. மலேசியாவிலேயே அப்படிப்பட்ட கட்டடங்கள் மிகுதியாக இருந்த இடம் பினாங்கு, 12,000-க்கும் மேல். சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. அது கொடுத்த அவகாசம் 1999 முடிவோடு தீர்ந்தது. 2000 ஜனவரி 1 முதல் வாடகை சந்தையின் கைக்குப் போனது. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பழைய கடைவீடுகள் சிறு ஹோட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறத் தொடங்கின. அதன் பிறகு ஆளில்லாத கடைவீட்டின் விலை வேறு, ஆள் இருக்கும் கடைவீட்டின் விலை வேறு என்றாகிவிட்டது. மாதம் இரண்டாயிரம் வெள்ளி வாடகையை இழப்பது, ஆளைக் கிளப்ப நினைக்கும் உரிமையாளருக்குப் பெரிய இழப்பே இல்லை.

சரி, குடியிருப்பவர் என்ன செய்வது? தமிழ்நாட்டில் வழக்காடிய குடும்பத்தினர் யாராவது இருந்தால் ‘கோர்ட்டில் கட்டிவிடு’ என்பார்கள். அங்கே அதற்கு எழுதி வைத்த படிக்கட்டே இருந்தது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் எந்த வங்கியில் கட்டுவது என்று கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பத்து நாளில் அவர் வங்கியைச் சொல்லாவிட்டால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பி வந்தால்தான் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பணத்தைக் கட்ட முடியும். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்த ஒருவரின் வழக்கு 2002-இல் இந்திய உச்ச நீதிமன்றம்வரை போனது. பழனிசாமி எதிர் பழனிசாமி என்ற அந்த வழக்கில், பணத்தைக் கட்டியது உண்மையாகவே இருந்தாலும் சட்டம் சொன்ன வரிசையில் கட்டாததால் பயனில்லை, இரக்கத்துக்கு இங்கே இடமில்லை என்று தீர்ப்பானது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2019 முதல் வேறு சட்டம் நடப்பில் இருக்கிறது. என்றாலும் பணம் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதைச் செலுத்த முயன்ற விதமும் சரியாக இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு காட்டியது பினாங்குக்கும் பொருந்தும்.

பினாங்கில் அப்படி ஒரு கவுண்டர் இல்லை. வழக்கு எதுவும் இல்லாதபோது லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்குப் போய், ‘வீட்டுக்காரர் வாங்கவில்லை, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் வாங்க மாட்டார்கள். வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு மலேசியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. கடைகளுக்கு அதுவும் பொருந்தாது. ஆகவே பாதுகாப்பு வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அதன் வேர் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் தன் கடமையைச் செய்ய முறைப்படி முன்வந்து, எதிர்த்தரப்பு அதை ஏற்கவில்லை என்றால், செய்யாததற்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார்; ஒப்பந்தத்தில் அவருக்குள்ள உரிமையையும் இழக்கமாட்டார் என்பது அதன் சாரம். மலாய் மாநிலங்களின் ஒப்பந்தச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 1807-ஆம் ஆண்டின் அரச சாசனம் வழியாக ஆங்கிலச் சட்டத்தைப் பெற்றிருந்த பினாங்குக்கு அது 1974-இல்தான் வந்து சேர்ந்தது. இன்றைய மலேசிய ஒப்பந்தச் சட்டம், 1950-இல் அதே பிரிவு 39 என்ற எண்ணோடு இருக்கிறது. வழக்கறிஞர்கள் இதை டெண்டர் என்பார்கள். சாலைப் பணிக்கு விடும் டெண்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாங்க மறுத்த பணத்தைச் சட்டம் கட்டப்படாத பணமாகக் கருதுவதில்லை, கட்டி முடித்த பணமாகவும் கருதுவதில்லை. கடன் அப்படியே நிற்கும். ஆனால் தவணை தவறியவர் என்ற பெயர் மட்டும் குடியிருப்பவர்மேல் ஒட்டாது. இந்த இடைநிலையைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் விழுகிறார்கள்.

எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். குவீன் ஸ்ட்ரீட்டில் பூமாலைக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 2024 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி 28 வரை, இரண்டு ஆண்டு. மாத வாடகை 1,800 வெள்ளி, ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள். 14 நாள் தவறினால் இடத்தை மீட்கலாம் என்ற வரியும் இருக்கிறது. இதுவரை ரொக்கமாகவே கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறார். 2025 ஜூன் 5 அன்று பணத்தோடு போகிறார். உரிமையாளரின் மகன், ‘இனி அப்பா வாங்கமாட்டார், கடையைக் காலி பண்ணுங்கள்’ என்கிறார்.

அந்த மாலையே அவர் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஜூன் மாத வாடகை 1,800 வெள்ளியை இன்று இத்தனை மணிக்கு இன்ன முகவரிக்குக் கொண்டுவந்தேன், வாங்கப்படவில்லை, பணம் தயாராக இருக்கிறது, வேறு எங்கே, எந்தக் கணக்கில் செலுத்துவது என்று சொல்லுங்கள் – இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். கடைசி வாக்கியம் மரியாதைக்காக எழுதுவதில்லை. ஒப்பந்தத்தில் பணம் செலுத்தும் இடம் குறிக்கப்படாவிட்டால் ‘எங்கே’ என்று கேட்பது கொடுக்க வேண்டியவரின் கடமை என்று அதே ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டின் பழைய சட்டம் வங்கியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சொன்னதும் ஏறக்குறைய இதே கேள்விதான். கடிதம் ஒப்புகை அட்டையுடன் ரிஜிஸ்டர்டு தபாலில் போக வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கே போக வேண்டும். வாட்ஸ்அப்பிலும் அதைப் படமாக அனுப்பி வைக்கலாம். தபால் வாங்கப்படாமல் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்கக் கூடாது. மூடிய உறையும் அதன்மேல் தபால்காரர் எழுதிய குறிப்பும்தான் நாளைக்குச் சாட்சி.

அடுத்த நாளே ஒரு பேங்கர்ஸ் செக் அல்லது பேங்கர்ஸ் டிராப்ட் எடுத்து அதே முகவரிக்கு அனுப்புவது இன்னும் நல்லது. தனிக் காசோலை வேண்டாம். வாடகையைக் காசோலையில் வாங்கும் வழக்கம் இதற்கு முன் இல்லை என்றால், ‘பணம் கொண்டுவரவில்லை, வெறும் காகிதம்தான் கொண்டுவந்தார்’ என்று எதிர்த்தரப்பு சொல்ல அது இடம் கொடுக்கும். ஒப்பந்தத்திலேயே உரிமையாளரின் வங்கிக் கணக்கு எண் இருந்தால் வேலை மிகச் சுலபம். ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்குக்கே அனுப்ப வேண்டும், குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுத வேண்டும். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பும் வேலை அவருடையது. அவர் திருப்பி அனுப்பியதே மறுப்புக்கு ஆதாரமாகிவிடும்.

இந்த இடத்தில் மாலைக் கடைக்காரர் செய்யக்கூடிய மூன்று தவறுகளைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மூன்றுமே நியாயமாகத் தோன்றும். கூரை ஒழுகியதைச் சரிசெய்ய 150 வெள்ளி செலவழித்திருக்கிறார், அதைக் கழித்துக்கொண்டு 1,650 அனுப்புகிறார். கழிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்றால் அது குறைப் பணம். குறைப் பணத்தை வாங்க மறுக்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. முழு வாடகையையும் கொடுத்துவிட்டு 150 வெள்ளிக்குத் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாவது, ‘ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக இருந்தால் இதை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவது. நிபந்தனை சேர்ந்த கணமே அது பணத்தை நீட்டுவது ஆகாது, பேரம் பேசுவது ஆகிவிடும். மூன்றாவது, ‘என் டிபாசிட் இரண்டு மாதம் உங்களிடம்தானே இருக்கிறது, அதில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பது. டிபாசிட்டை வாடகையாகக் கருதக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. அந்தக் கடிதம் உரிமையாளர் கையில் கிடைத்தால், வாடகை கட்டவில்லை என்று குடியிருப்பவரே எழுதிக்கொடுத்த சீட்டாக அதை நீட்டுவார்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று ஒவ்வொரு மாதமும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒருமுறை மறுத்துவிட்டார், அது போதும் என்று சும்மா இருந்துவிடுவது ஆபத்து. ‘அடுத்த மாதம் கேட்டிருந்தால் வாங்கியிருப்பேனே’ என்று உரிமையாளர் நீதிமன்றத்தில் சொல்வதைத் தடுக்க வேறு வழியில்லை.

மறுக்கப்பட்ட பணம் எங்கே இருக்க வேண்டும்? இதில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன், ஏனென்றால் நல்ல வழக்குகள் கெட்டுப்போவது இங்கேதான். மாதம் 1,800 வெள்ளி கையில் தங்கிவிட்டால் தீபாவளிச் செலவும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அதைத் தேடி வரும். மூன்று மாதத்தில் பணம் கரைந்துவிடும். முறைப்படி நீட்டியவர் என்பதற்கான பாதுகாப்பு, ‘அன்றைக்கும் தயார், இன்றைக்கும் தயார்’ என்று சொல்ல முடிகிற வரைக்கும்தான். ஆகவே இதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்து, மாதம்தோறும் 7-ஆம் தேதிக்குள் முழுத் தொகையைப் போட்டு, ஒரு காசுகூட எடுக்காமல் இருக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்திருப்பவர்கள் அவருடைய கட்சிக்காரர் கணக்கில் போட்டு வைக்கலாம். அந்தக் கணக்கின் அறிக்கையில் ஆறு வரிகள், ஆறு 1,800-கள், எடுத்ததாக ஒரு வரியும் இல்லை என்றிருந்தால், எத்தனையோ வாய்மொழிச் சாட்சிகளைவிட அந்த ஒரு தாள் கனமானது.

நவம்பர்வரை ஆறு மாதம் ஆயிற்று, தொகை 10,800 வெள்ளி. டிசம்பரில் உரிமையாளர் வழக்குப் போடுகிறார்: ஆறு மாத பாக்கி, ஆகவே ஒப்பந்தம் முறிந்தது, கடை வேண்டும். வீட்டுக்காரர்–குடியிருப்பவர் வழக்குகளைத் தொகை வரம்பு இல்லாமல் விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு உண்டு, ஆகவே பெரும்பாலும் அங்கேதான் வரும். சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் இதுவரை சேர்த்த கடிதங்களையும் உறைகளையும் யாரும் பார்க்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

இப்போதுதான் நீதிமன்றத்தின் கவுண்டர் திறக்கிறது. 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 18-ஆம் ஆணையின் 16-ஆம் விதி இதைப் பற்றியது. வழக்குக்கு முன்பே பணத்தை முறைப்படி நீட்டினேன் என்று எதிர்வாதம் செய்பவர், அந்தத் தொகையை 22-ஆம் ஆணையின்படி நீதிமன்றத்தில் கட்டியாக வேண்டும். கட்டாதவரை அந்த எதிர்வாதமே அவருக்குக் கிடையாது. மாலைக் கடைக்காரர் எதிர்வாதத்தோடு 10,800 வெள்ளியையும் நீதிமன்றத்தில் செலுத்தி, உரிமையாளர் தரப்புக்கு அறிவிப்பு அனுப்புகிறார். தனிக் கணக்கில் பணம் இல்லாதவருக்கு இந்த வாசல் மூடித்தான் இருக்கும். ஆறு மாதம் கடிதம் எழுதிய உழைப்பெல்லாம் பணம் வைக்காத ஒரே காரணத்தால் வீணாகும்.

வழக்கு வருவதற்கு முன்பே இன்னொன்றும் வரக்கூடும். 1951-ஆம் ஆண்டின் டிஸ்டிரஸ் சட்டப்படி, வாடகை பாக்கி என்று உரிமையாளர் தனியாகவே நீதிமன்றம் போய், குடியிருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்காமலே, கடையில் உள்ள பொருள்களைப் பிடித்து வைக்க வாரண்டு பெற முடியும். கடந்த 12 மாத வாடகைவரை அதில் கேட்கலாம். நீதிமன்ற ஊழியர் வந்து பொருள்களைப் பட்டியல் எழுதும்போது பதறிக் கையெழுத்துப் போடுவதைவிட, கடிதங்களின் நகலையும் வங்கி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அன்றே வழக்கறிஞரிடம் போய், வாரண்டை நீக்கக் கோரி மனுச் செய்ய வேண்டும். முறைப்படி நீட்டிய வாடகையை வாங்காமல் இருந்துவிட்டு அதற்கே ஜப்தி கேட்டார் என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும். வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது. மாலைக் கடைக்காரரின் ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 28-இல் முடிகிறது. மார்ச் மாதமும் அவர் 1,800 வெள்ளியை எடுத்துக்கொண்டு போகிறார், உரிமையாளர் மறுக்கிறார். காட்சி ஒன்றுதான், ஆனால் சட்டத்தின் பார்வையில் இது வேறு சம்பவம். ஒப்பந்தம் முடிந்த பிறகு வாடகை வாங்கும் கடமை உரிமையாளருக்கு இல்லை. எத்தனை மாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்தாலும், நீதிமன்றத்திலேயே கட்டினாலும், தங்கும் உரிமை அதனால் பிறக்காது. மாறாக 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டச் சட்டம், 28(4)(அ) பிரிவின்படி, காலம் முடிந்தும் விடாமல் இருப்பவரிடம் உரிமையாளர் விரும்பினால் இரட்டை வாடகை கேட்கலாம்: மாதம் 3,600. ஜூன் மாதத்தில் தன்னைக் காப்பாற்றிய அதே வழி மார்ச் மாதத்திலும் காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர், ஆறு மாதத்தில் 21,600 வெள்ளிக் கடனோடு எழுந்திருப்பார். இந்த நிலையில் செய்ய வேண்டியது காலி செய்யும் தேதியைப் பேசி எழுத்தில் வாங்குவதும், அதுவரைக்குமான தொகையை ஒத்துக்கொள்வதும்தான். ஒப்பந்தமே எழுதாமல் மாதாமாதம் கொடுத்து இருப்பவர்களுக்கும் இதே எல்லை உண்டு. அவர்களுக்குப் பொதுவாக ஒரு மாத நோட்டீஸ் போதும், அது முடிந்ததும் அவர்களும் இதே நிலைக்கு வந்துவிடுவார்கள்.

அப்போதும் ஒன்று மட்டும் உரிமையாளருக்கு அனுமதி இல்லை. 1951-ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம், 7(2) பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் இடத்தில் இருப்பவரை நீதிமன்றத்தின் வழியாக அன்றி வெளியேற்றக் கூடாது என்கிறது. பூட்டை மாற்றுவதும் சாமான்களை ஐந்தடிப் பாதையில் தூக்கி வைப்பதும் அதனால் முறையற்றவை. அப்படி நடந்தால் படமெடுத்துக்கொண்டு போலீசில் புகார் எழுதி அதன் நகலை வைத்திருக்க வேண்டும்.

மறுப்பு வேறொரு உருவத்திலும் வரும். உரிமையாளர் இறந்துவிட, அண்ணன் தம்பி இருவருமே ‘எனக்குக் கொடு, அவனுக்குக் கொடுத்தால் செல்லாது’ என்பார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர் மறுபடியும் கேட்கலாம். இதற்கு அதே நீதிமன்ற விதிகளின் 17-ஆம் ஆணை வழி வைத்திருக்கிறது. பணம் என்னுடையது இல்லை, யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள் என்று குடியிருப்பவரே நீதிமன்றத்தை நாடலாம். இதில் வழக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; இருவரும் கேட்பதும், இவர் எவர் பக்கமும் சேராமல் இருப்பதும் போதும். அதுவரை வாடகையை அதே தனிக் கணக்கில் போட்டுக்கொண்டு, இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி வைக்க வேண்டும்.

மாலைக் கடைக்காரர் நீதிமன்றத்தில் கட்டிய 10,800 வெள்ளி கடைசியில் யாருக்குப் போகும் என்று கேட்டால், உரிமையாளருக்குத்தான். வழக்கில் உரிமையாளர் வென்றாலும் அது அவருக்கு வாடகை. குடியிருப்பவர் வென்றாலும் அது உரிமையாளருக்கு வாடகையே. அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக இவர் அங்கே கட்டவில்லை. அந்த ஆறு மாதமும் பாக்கி வைத்தவர் என்ற பெயர் தன்மேல் இருந்ததில்லை என்று நிரூபித்து, பிப்ரவரி 28 வரை அந்தக் கடையில் மாலை கட்டுவதற்காகக் கட்டினார்.